வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு: கரண்ட் பில்லில் இருக்கும் சொற்கள், கேள்வி பதிலாக

தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளை மட்டும் மனதில் வைத்து எழுதியது. கணக்குகள் எல்லாம் 2024 ஜூலையில் வந்த கட்டண விகிதப்படி. விகிதம் மாறினால் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை அதேதான்.

சாவி வாங்கியாச்சு. கரண்ட் விஷயத்தில் முதலில் என்ன செய்யணும்?

மீட்டரைப் போட்டோ எடுங்கள். பெட்டி இறக்குவதற்கு முன்னாலேயே, வீட்டுக்காரரோ அவர் ஆளோ பக்கத்தில் இருக்கும்போதே எடுத்து, அதே நிமிடம் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். படத்தில் மூன்று விஷயம் தெளிவாகத் தெரிய வேண்டும்: திரையில் ஓடும் ரீடிங், மீட்டரின் மேல் அச்சிட்ட வரிசை எண், பெயின்ட்டில் எழுதியிருக்கும் சர்வீஸ் எண்.

சர்வீஸ் எண்தான் உங்கள் வீட்டு இணைப்பின் முகவரி. முதல் இரண்டு இலக்கம் மண்டலம், அடுத்த மூன்று பிரிவு அலுவலகம், அதற்கடுத்த மூன்று பகிர்மானம், கடைசியில் இருப்பது உங்கள் இணைப்பின் எண். நாலைந்து வீடு இருக்கும் இடத்தில் மீட்டர்கள் படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக மாட்டியிருக்கும். "மாடி வீட்டு மீட்டர் இடப்பக்கம் மூணாவது" என்று வாய்வார்த்தையில் சொன்னதை நம்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எந்த மீட்டரில் சிவப்பு விளக்கு துடிப்பது நிற்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்களுடையது.

மீட்டர் திரையில் என்னென்னவோ எண் மாறி மாறி வருது. இதில் எது ரீடிங்?

பக்கத்தில் `kWh` என்று வருவதுதான். மற்றவை தேதி, நேரம், வோல்ட், ஆம்பியர், அப்புறம் அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் எடுத்த அதிகபட்ச பளு. ஒரு சுற்று முழுக்க நின்று பார்த்தால் `kWh` வந்துவிடும். சில மீட்டரில் புள்ளிக்குப் பிறகும் ஓர் இலக்கம் இருக்கும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 8612.4 என்று இருந்தால் ரீடிங் 8612.

ரீடிங் என்பது கார் ஓடிய கிலோமீட்டர் மாதிரி, மாட்டிய நாளிலிருந்து ஏறிக்கொண்டே போகும். இந்த முறை ரீடிங்கில் போன முறை ரீடிங்கைக் கழித்தால் வருவது பயன்படுத்திய யூனிட். ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார்.

யூனிட்னா சரியா எவ்வளவு?

1000 வாட் எடுக்கும் ஒரு பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். திரையில் வரும் `kWh` அதேதான். 2000 வாட் கீசரைக் கால் மணி நேரம் போட்டால் அரை யூனிட்.

கீசரையும் ஏசியையும் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் முதலில் ஃபேனைப் பார்க்கச் சொல்வேன். பழைய சீலிங் ஃபேன் ஏறக்குறைய 75 வாட். சென்னை வெயிலில் ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடுகிறது என்றால் ஒன்றரை யூனிட், 60 நாளைக்கு 90 யூனிட். ஒரே ஒரு ஃபேன், ஒரு பில். அதே இடத்தில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால் 36 யூனிட்தான். காலி பண்ணும்போது அதைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்பதால் வாடகைக்காரர் துணிந்து வாங்கலாம்.

டேரிஃப் `LA1A`ன்னு போட்டிருக்கு. அது என்ன?

டேரிஃப் என்றால் கட்டண வகை. இந்த இணைப்பு எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்து யூனிட் விலை மாறும். அந்தக் குறியீடு வீட்டு உபயோகத்துக்கானது. முதல் 100 யூனிட் இலவசம் இந்த வகைக்குத்தான்.

வேறு குறியீடு இருந்தால் வீட்டுக்காரரிடம் அன்றைக்கே கேளுங்கள். முன்னால் கடையாகவோ ஆபீஸாகவோ இருந்த பகுதியை வீடாக மாற்றி வாடகைக்கு விட்டிருப்பார்கள், இணைப்பு வணிக வகையிலேயே கிடக்கும். அதில் இலவசமும் கிடையாது, விலையும் கூடுதல். வகையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டியவர் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர். இதன் மறுபக்கமும் உண்டு. வீட்டு இணைப்பில் நீங்கள் தையல் கடையோ டியூஷன் சென்டரோ பெரிதாக நடத்தினால், ஆய்வுக்கு வருபவர்கள் வகையை மாற்றி அபராதமும் போடலாம்.

அடுக்குமாடியில் லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, பொது மோட்டார் இவற்றுக்குத் தனி இணைப்பு இருக்கும். அதன் வகை வேறு, இலவச யூனிட் அதற்கு இல்லை. மெயின்டெனன்ஸில் "பொது கரண்ட்" என்று வாங்குவது இதற்குத்தான்.

நண்பன் வீட்டில் 490 யூனிட், என் வீட்டில் 510. பில்லில் 380 ரூபாய்கிட்ட வித்தியாசம். மீட்டர் தப்பா?

மீட்டர் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் 500 என்ற கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். இந்தப் பில்லில் புரிந்துகொள்ள வேண்டிய ஒரே கஷ்டமான இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

வீட்டுக் கட்டணத்தில் இரண்டு அட்டவணை இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் முடிப்பவருக்கு ஒன்று, தாண்டுபவருக்கு இன்னொன்று. உள்ளே முடித்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் தலா 2.35, அதற்கடுத்த 200 தலா 4.70, கடைசி 100 தலா 6.30. ஆக 500 யூனிட்டுக்குச் சரியாக 1,805 ரூபாய்.

501 ஆனதும் இரண்டாவது அட்டவணைக்கு மாறிவிடுவீர்கள். முதல் 100 அதிலும் இலவசம்தான். ஆனால் 101 முதல் 200 வரைக்கான அந்த 2.35 சலுகை போய்விடும், அந்த நூறுக்கும் 4.70 போடுவார்கள். அதிலேயே 235 ரூபாய் ஏறிவிட்டது. தாண்டிய யூனிட்டின் விலை 8.40. ஆக 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட் 243 ரூபாய் சொச்சத்தை இழுத்துவிட்டது! உங்கள் 510-க்கு 2,124, நண்பரின் 490-க்கு 1,742. வித்தியாசம் 382 ரூபாய்.

600-க்கு மேல் போனால் யூனிட் 9.45, 800-க்கு மேல் 10.50, 1000-க்கு மேல் 11.55. அந்த உயரத்தில் ஏறுவது படிப்படியாகத்தான் இருக்கும். 500-இல் மட்டும்தான் படி திடீரென்று உயரம்.

எங்கள் வீட்டில் காலண்டரில் ரீடிங் எடுத்த தேதியை வட்டம் போட்டு வைப்போம். 45-ஆவது நாள் மீட்டரைப் பார்த்து 375-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. ஒரு நாளைக்கு 8 யூனிட் சொச்சம்தான் 500-க்கான அளவு. 400 ஆகியிருந்தால் கடைசி இரண்டு வாரம் ஏசியை ஒரு மணி நேரம் முன்னதாக அணைப்பதில் நிஜமாகவே பலன் உண்டு. ஏற்கெனவே 560 ஆகிவிட்டதா? சரி, அந்த முறைக்குக் கோட்டை மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ரீடிங் எடுக்க நாலு நாள் லேட்டா வந்தாங்க. அதனால் எனக்கு நஷ்டமா?

500-க்குப் பக்கத்தில் இருப்பவருக்கு நஷ்டம் ஆகலாம். தினம் 8.2 யூனிட் ஆகிற வீட்டில் 60 நாளைக்கு 492 யூனிட், பில் ஏறக்குறைய 1,755. 64-ஆவது நாள் வந்து எடுத்தால் 525 யூனிட், பில் 2,250. பயன்படுத்தும் பழக்கம் கொஞ்சமும் மாறவில்லை, 495 ரூபாய் கூடிவிட்டது. அடுத்த ரீடிங் பழைய தேதிக்கே வந்தால் அந்த நாலு நாள் அங்கே குறையும்தான், ஆனால் இங்கே தாண்டிய கோட்டுக்கான பணம் திரும்பி வராது.

எனவே வர வேண்டிய நாளில் வரவில்லை என்றால் அன்றைக்கு மாலை மீட்டரைத் தேதி தெரிய போட்டோ எடுத்துவிட்டு, பிரிவு அலுவலகத்திலோ மின்னகம் எண்ணான 94987 94987-லோ சொல்லுங்கள். சொன்னதற்குப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு பூட்டியிருந்து மீட்டர் உள்ளே மாட்டிக்கொண்டால் முந்தைய பயன்பாட்டை வைத்து உத்தேசமாக ஒரு தொகை போட்டுவிட்டு, அடுத்த ரீடிங்கில் சரி செய்வார்கள். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ரீடிங் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாசத்தின் நடுவில் குடிவந்தேன். மொத்த பில்லையும் என்னையே கட்டச் சொல்றாங்க. எப்படிப் பிரிக்கிறது?

முதல் கேள்வியில் எடுக்கச் சொன்ன போட்டோ இதற்குத்தான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மார்ச் 14 அன்று ரீடிங் 8420. நீங்கள் சாவி வாங்கியது ஏப்ரல் 6, அன்றைக்கு 8612. மே 13 அன்று அடுத்த ரீடிங் 8934. மொத்தம் 514 யூனிட். அதில் 192 உங்களுக்கு முன்னால் இருந்தவர்களுடையது, 322 உங்களுடையது.

514 யூனிட்டுக்கு பில்: இலவச நூறு போக 300 யூனிட்டுக்கு 1,410, அடுத்த நூறுக்கு 630, மிச்சம் 14-க்கு 117.60. மொத்தம் 2,157 ரூபாய் 60 காசு. இதை 514-ஆல் வகுத்தால் யூனிட் ஏறக்குறைய 4 ரூபாய் 20 காசு. உங்கள் பங்கு 1,351 ரூபாய் 65 காசு, அவர்கள் பங்கு 805 ரூபாய் 95 காசு.

"என் 322 யூனிட்டைத் தனியாகப் போட்டால் 808 ரூபாய்தானே வருகிறது" என்று சிலர் வாதாடுவார்கள். அப்படிப் போட்டால் 100 இலவசத்தையும் அடுத்த நூறின் சலுகையையும் நீங்களே எடுத்துக்கொண்டு, விலை கூடின யூனிட்டை எல்லாம் அவர் தலையில் கட்டுகிறீர்கள். அவரும் அதே கணக்கைத் தலைகீழாகப் போடலாம். சராசரி விலையில் பிரிப்பதுதான் சண்டையில்லாத வழி. காலி பண்ணும்போதும் இதே கணக்குதான், அன்றைக்கும் ஒரு போட்டோ எடுங்கள்.

போட்டோ இல்லையா? நாள் கணக்கில் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. முந்தையவர் ஏசி போட்டாரா, வீடு பூட்டிக் கிடந்ததா என்பது அதில் வராது.

வீட்டுக்காரர் சப்-மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கறார். நியாயமா?

மெயின் பில்லைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பார்த்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு, இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பில் 3,258 ரூபாய் வரும். சராசரி யூனிட் 5 ரூபாய் 9 காசு. உங்கள் சப்-மீட்டர் 180 காட்டினால் நியாயமான பங்கு 916 ரூபாய். 9 ரூபாய் கணக்கில் 1,620 கட்டுகிறீர்கள். ஒரே இணைப்பில் மூன்று குடும்பம் இருப்பதால் இலவச 100 யூனிட்டும் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒன்றுதான் என்பதையும் மறக்க வேண்டாம். சராசரி ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள்: "தனி சர்வீஸா, சப்-மீட்டரா?" தனி சர்வீஸ் என்றால் 500 ரூபாய் வாடகை கூடுதலானாலும் பரவாயில்லை என்பது என் கணக்கு.

சாங்ஷன்டு லோடு 2 கிலோவாட்னு இருக்கு. 2 யூனிட்டுக்கு மேல போகக் கூடாதா?

அப்படி இல்லை. யூனிட் என்பது தொட்டியிலிருந்து மொத்தம் எவ்வளவு தண்ணீர் எடுத்தோம் என்பது. அனுமதித்த பளு என்பது குழாயின் விட்டம், ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது.

கீசர் 2000 வாட், ஏசி 1500, இஸ்திரிப் பெட்டி 1000. மூன்றும் காலை ஏழு மணிக்குச் சேர்ந்து ஓடினால் நாலரை கிலோவாட். இரண்டு கிலோவாட் வாங்கிய இணைப்புக்கு இது இரண்டு மடங்குக்கு மேல். ஒற்றை ஃபேஸ் இணைப்பு 4 கிலோவாட் வரைக்கும்தான், அதற்கு மேல் மூன்று ஃபேஸ் வாங்க வேண்டும்.

இங்கே ஒரு நல்ல செய்தி. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரிலிருந்து வீட்டு இணைப்புக்கு நிலைக் கட்டணம் இல்லை. எனவே பளு 2 ஆக இருந்தாலும் 4 ஆக இருந்தாலும் பில்லில் ஒரு ரூபாய்கூட மாறாது. பெங்களூரிலிருந்து வந்தவர்கள் குழம்புவது இதில்தான். அங்கே ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாதாமாதம் ஒரு தொகை உண்டு.

அப்படியானால் இதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்றால், வயருக்காக. ஏசி ஸ்டார்ட் ஆகும்போது விளக்கு மங்குகிறதா, ஃபியூஸ் கேரியர் தொட்டால் சுடுகிறதா, மெயின் அடிக்கடி விழுகிறதா, போர்டு பக்கம் பிளாஸ்டிக் கருகிய வாசனை வருகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இந்த நிலையில் இன்னும் தடித்த ஃபியூஸ் வயர் போடுவதுதான் ஆகப் பெரிய தப்பு. ஃபியூஸ் தாங்கிவிடும், சுவருக்குள் இருக்கும் வயர் எரியும்.

கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் வீட்டுக்காரர், அதற்கு அவர் ஒரு தடவை கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். ஏசி வாங்குவதற்கு முன்னால் அவரிடம் பேசிவிடுங்கள்.

பில்லோட `ACCD`ன்னு ஒரு பெரிய தொகை வந்திருக்கு. இதையும் நானே கட்டணுமா?

கட்டணம் வேறு, இது வேறு. பயன்பாடு கூடியிருந்தால் அதற்கேற்ப வாரியம் கூடுதலாகக் கேட்கும் வைப்புத் தொகை இது. இணைப்பு யார் பெயரிலோ அவர் கணக்கில் நிற்கும், வட்டியும் அவருக்குத்தான் போகும். அதனால் இது வீட்டுக்காரர் பணம். அவசரத்துக்கு நீங்கள் கட்டினால் வாடகையில் கழித்துக்கொள்வதாக ஒரு மெசேஜில் எழுதி வாங்குங்கள்.

எல்லா சுவிட்சையும் அணைச்சாலும் மீட்டர் ஓடுது. பேய் கரண்டா?

எனக்கும் நடந்தது. முதல் வாடகை வீட்டில் இரண்டு பேர், ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ். பில்லோ ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்ததைவிட 60 யூனிட் கூடுதல். ஒரு நாள் காலை மெயினை அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். சிவப்பு விளக்கு வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம், கீழே யாரோ மோட்டாரை அணைத்தார்கள், விளக்கும் நின்றது. மூன்று வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டார் என் மீட்டரில்! ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். தினம் ஒரு மணி நேரம், 60 நாள், 60 யூனிட். கணக்கு அச்சாகப் பொருந்தியது. கேட்டதற்கு "அது எப்பவும் அப்படித்தான் தம்பி" என்றார் வீட்டுக்காரர். மாதம் ஒரு தொகையை வாடகையில் குறைத்துக்கொள்ள வைக்க மூன்று மாதம் ஆயிற்று.

நீங்களே செய்து பார்க்கலாம். மெயினை அணைத்த பிறகும் துடிப்பு இருந்தால் உங்கள் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ எடுக்கிறார்கள். மெயின் போட்டிருக்கும்போது மட்டும் துடிப்பு இருந்தால் வீட்டுக்குள் ஏதோ ஓடுகிறது, இல்லை கசிவு. சில மீட்டரில் `E/L` என்று தனி விளக்கு இருக்கும். அது எரிந்தால் போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பக்கத்து வீட்டு நியூட்ரலோடு கலந்திருக்கும், இல்லை ஈரச் சுவரில் கசிவு.

மீட்டரே வேகமாக ஓடுகிறதோ என்ற சந்தேகத்தைத் தீர்க்கவும் அந்த விளக்கு போதும். மீட்டரில் `3200 imp/kWh` மாதிரி அச்சிட்டிருக்கும், ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று பொருள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 53 பக்கம் வர வேண்டும். வோல்டேஜ் ஏற இறங்க நாலைந்து முன்பின் ஆகலாம். 70, 80 என்று வந்தால் மீட்டரைச் சோதிக்கச் சொல்லிப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். சோதனைக்குக் கட்டணம் உண்டு. எண்ணும்போது பெட்டி சூடாகித் தானாக அணைந்துவிட்டால் கணக்கு தப்பும், சிறு விளக்கு எரிகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் நல்லது.

கட்ட எத்தனை நாள் டைம்? என் பேருக்கு மாத்தணுமா?

ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள். பெயர் மாற்ற வேண்டியதில்லை, சர்வீஸ் எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் கட்டலாம். வீட்டுக்காரர் சம்மதித்தால் உங்கள் மொபைல் எண்ணைப் பதிவு செய்யுங்கள், பில் வந்ததும் எஸ்எம்எஸ் வரும். "இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று யாரோ ஒருவரின் செல் நம்பரோடு வருவது மோசடி. அழைக்காமல், சர்வீஸ் எண்ணைப் போட்டு வாரியத்தின் இணையதளத்தில் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.